இடைநிலையின் திட்டப்பிழை தப்பாக வருகிறதா? ஒன்பது வயலும் ஒரு பூட்ஸ்ட்ராப்பும்

தை கடைசியில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடை வயல்களில் விளைச்சல் அளக்கப் போன ஒரு மாணவி எனக்கு ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தாள். "சார், பூட்ஸ்ட்ராப் போட்டேன். திட்டப்பிழை ஜீரோன்னு வருது. அவ்வளவு துல்லியமாவா அளந்துட்டோம்?" அந்த ஜீரோவைச் சரிசெய்ததும் வேறொரு கோளாறு வந்தது. அதைச் சரிசெய்ததும் மூன்றாவது. ஒரு வாரத்தில் அவள் கேட்ட கேள்விகளைத்தான் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். சின்ன மாதிரியை வைத்து இடைநிலைக்குப் பிழை கணிக்கும் யாருக்கும் இவை அநேகமாக இதே வரிசையில்தான் வரும்.

முதலில் தரவு. பயிர் அறுவடைப் பரிசோதனையில் செய்வதுபோல, ஒவ்வொரு வயலிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை எடை போட்டார்கள். ஒன்பது வயலின் எடை கிலோவில், ஏறுவரிசையில்:

4.1, 8.6, 9.2, 9.8, 10.4, 10.9, 12.6, 12.9, 13.5

நடுவில் இருப்பது ஐந்தாவது, அதாவது 10.4. அதுதான் இடைநிலை. அந்த 4.1, வடிகால் அடைத்துக்கொண்டு கதிர் சாய்ந்து ஒரு வாரம் தண்ணீரில் கிடந்த வயல். அது சராசரியைக் கீழே இழுத்துவிடும் என்பதால்தான் இடைநிலைக்குப் போனோம். சராசரி என்றால் திட்டப்பிழைக்கு ஒருவரிச் சூத்திரம் உண்டு. இடைநிலைக்கு அப்படிக் கைவசம் எதுவும் இல்லை. உள்ள சூத்திரமும், நடுப்பகுதியில் மதிப்புகள் எவ்வளவு நெருக்கமாக விழும் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் உதவும். 1979-ல் பிராட்லி எஃப்ரான் முன்வைத்த பூட்ஸ்ட்ராப் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. கையில் உள்ள ஒன்பது எண்களிலிருந்தே, எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு ஒன்பது தடவை எடுக்க வேண்டும். அந்த ஒன்பதும் சேர்ந்தது ஒரு மறுமாதிரி. அதன் இடைநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதை ஆயிரக்கணக்கில் செய்தால் கிடைக்கும் இடைநிலைகளின் திட்டவிலக்கம்தான் நமக்கு வேண்டிய திட்டப்பிழை.

```python
import numpy as np
x = np.array([4.1, 8.6, 9.2, 9.8, 10.4, 10.9, 12.6, 12.9, 13.5])
rng = np.random.default_rng(7)
r = rng.choice(x, size=(5000, x.size), replace=True)
m = np.median(r, axis=1)
print(m.std(ddof=1))
```

இது 1.09-ஐ ஒட்டி ஒரு எண்ணைத் தரவேண்டும். தராவிட்டால் கீழே படியுங்கள்.

திட்டப்பிழை சுத்தமாக 0

மாணவியின் முதல் கோளாறு இது. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, எடுத்ததைத் திரும்பப் போடவில்லை. ஒன்பதிலிருந்து ஒன்பதைத் திரும்பப் போடாமல் எடுத்தால் அதே ஒன்பதுதான் வரிசை மாறி வரும். சீட்டுக்கட்டைக் குலுக்கியதால் சீட்டு மாறிவிடாது. இடைநிலை ஒவ்வொரு முறையும் 10.4தான். ஆர் மொழியில் `sample(x)` என்று மட்டும் எழுதினால் இதுதான் நடக்கும், ஏனென்றால் அங்கே திரும்பப் போடாமல் எடுப்பதே இயல்பு. `replace=TRUE` என்று நாம்தான் சொல்ல வேண்டும். பைத்தானின் `random` தொகுப்பில் `random.sample(list(x), 9)` திரும்பப் போடாது, `random.choices(x, k=9)` போடும். இரண்டின் பெயரும் அருகருகே இருப்பதால் கை தவறுவது சுலபம். மாணவி எழுதியிருந்தது `sample`.

இரண்டாவது காரணம், அச்சு மாறிப்போவது. மேலே உள்ள நிரலில் `axis=1` என்பதற்குப் பதில் `axis=0` போட்டால், ஒவ்வொரு மறுமாதிரிக்கும் அல்லாமல் ஒவ்வொரு நெடுக்கைக்கும் இடைநிலை எடுக்கும். ஒரு நெடுக்கையில் 5000 எண்கள் இருக்கின்றன. அத்தனை எண்களின் நடு அநேகமாக 10.4-ஐ விட்டு நகராது. ஒன்பது நெடுக்கைக்கும் ஒரே விடை, திட்டவிலக்கம் பூஜ்யம்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க `r[:3]` என்று அச்சிட்டு முதல் மூன்று வரிசையைக் கண்ணால் பாருங்கள். சரியான மறுமாதிரியில் ஏதாவது ஒரு எண் இரண்டு மூன்று தடவை வந்திருக்கும், வேறு சில எண்கள் வராமலே போயிருக்கும். ஒரு குறிப்பிட்ட வயல் ஒரு மறுமாதிரியில் வராமல் போக வாய்ப்பு (8/9)⁹, அதாவது சுமார் 35 சதவீதம். ஒன்பதும் ஆளுக்கொரு தடவை வருவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு முறைதான் நடக்கும். மூன்று வரிசையிலும் ஒன்பதும் ஒவ்வொன்றாக வந்திருந்தால் திரும்பப் போடவில்லை என்று அர்த்தம். வரிசைகள் நன்றாக இருந்தும் பூஜ்யம் வந்தால் அச்சைப் பாருங்கள்.

0.015, 0.36 மாதிரி நம்பமுடியாத சின்ன எண்

திட்டப்பிழை என்றதும் √ போட்டு வகுத்துப் பழகிய கை சும்மா இருப்பதில்லை. பூட்ஸ்ட்ராப் இடைநிலைகளின் திட்டவிலக்கமே திட்டப்பிழை; அதற்குமேல் எதாலும் வகுக்க வேண்டியதில்லை. 1.09-ஐ √5000-ஆல் வகுத்தால் 0.015, √9-ஆல் வகுத்தால் 0.36. இந்த இரண்டு எண்ணையும் நான் வெவ்வேறு மாணவர்களின் தாளில் பார்த்திருக்கிறேன்.

சோதனை இதுதான்: மறுமாதிரி எண்ணிக்கையை 5000-லிருந்து 20000 ஆக்குங்கள். விடை அப்படியே இருக்க வேண்டும். பாதியாகக் குறைந்தால் எங்கோ மறுமாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கிறீர்கள். கம்ப்யூட்டரை அதிக நேரம் ஓடவிட்டதால் வயலைப் பற்றி நமக்குத் தெரிந்தது கூடிவிடாதே.

இதே குடும்பத்தில் இன்னொன்று, ஒவ்வொரு மறுமாதிரியிலும் ஒன்பதுக்குப் பதில் நூறு எண் எடுப்பது. "நிறைய எடுத்தா நல்லதுதானே சார்" என்பார்கள். நூறு எடுத்தால், நூறு வயல் அளந்தவரின் பிழை கிடைக்கும். நாம் அளந்தது ஒன்பது.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு எண்

மறுமாதிரி எண்ணிக்கை குறைவு. B மறுமாதிரி எடுத்தால், கிடைக்கும் திட்டப்பிழை தற்செயலாக ஆடும் அளவு தோராயமாக 1/√(2B). ஐம்பது எடுத்தால் பத்து சதவீதம் ஆடும்: ஒரு தடவை 0.98, அடுத்த தடவை 1.20. ஐயாயிரம் எடுத்தால் ஒரு சதவீதம். விரிதாளில் `RANDBETWEEN` வைத்துச் செய்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் எதையாவது தட்டினாலே எல்லாம் மாறும். கிடைத்த இடைநிலைகளை வெறும் மதிப்பாக நகலெடுத்து வைத்துக்கொண்டு கணக்கைத் தொடருங்கள்.

வரைபடம் சீப்பு மாதிரி இருக்கிறது

இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும். மாணவி 5000 இடைநிலைகளையும் வரைபடமாகப் போட்டு அனுப்பினாள். மணி போன்ற வளைவை எதிர்பார்த்திருக்கிறாள். வந்தது தனித்தனியாக நிற்கும் ஒன்பது குச்சி. அதிலும் ஓரத்துக் குச்சிகள் கண்ணுக்கே தெரியவில்லை. "நிரல்ல தப்பு இருக்கு சார்" என்றாள். நிரலில் தப்பே இல்லை.

ஒன்பது என்பது ஒற்றைப்படை. ஒற்றைப்படை மாதிரியின் இடைநிலை அந்த மாதிரியில் உள்ள ஓர் எண்ணாகவே இருக்கும். மறுமாதிரியில் வருபவை எல்லாம் அதே ஒன்பது எண்கள்தான். ஆக, எத்தனை லட்சம் தடவை எடுத்தாலும் இடைநிலை அந்த ஒன்பதில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். பத்து வயல் அளந்திருந்தால் நடு இரண்டின் சராசரி என்பதால் அதிகபட்சம் 55 மதிப்பு வந்திருக்கும். அப்போதும் சீப்புதான், பல் மட்டும் நெருக்கம்.

இதில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு குச்சியின் உயரத்தையும் தற்செயல் இல்லாமல் நேராகவே கணக்கிடலாம். மறுமாதிரியின் இடைநிலை, வரிசையில் k-ஆவது எண்ணோ அதற்குக் கீழோ இருக்க வேண்டுமென்றால், எடுத்த ஒன்பதில் குறைந்தது ஐந்து எண்கள் முதல் k எண்களுக்குள் இருந்து வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு எடுப்பிலும் அதற்கு வாய்ப்பு k/9. இது பள்ளியில் படித்த ஈருறுப்புப் பரவல்தான்.

```python
from scipy.stats import binom
n, h = 9, 5
F = binom.sf(h - 1, n, np.arange(n + 1) / n)
w = np.diff(F)
mu = (w * x).sum()
print(((w * (x - mu)**2).sum()) ** 0.5)
```

இது 1.0898 தருகிறது, எத்தனை தடவை ஓட்டினாலும். `w`-இல் உள்ள எடைகளை, அதாவது குச்சிகளின் உயரங்களைப் பாருங்கள். நடு எண்ணான 10.4-க்கு 26.9 சதவீதம். அதன் இருபுறமும் உள்ள 9.8-க்கும் 10.9-க்கும் 22.1 சதவீதம் வீதம். அடுத்த 9.2, 12.6 இரண்டுக்கும் 11.4 வீதம். 8.6-க்கும் 12.9-க்கும் 2.9 வீதம். கடைசியில் உள்ள 4.1-க்கும் 13.5-க்கும் வெறும் 0.14 சதவீதம். இந்த எடைகள் தரவைப் பொறுத்தவையே அல்ல. ஒன்பது வெவ்வேறு எண்கள் எதுவாக இருந்தாலும், நெல்லானாலும் மீனானாலும், எடை இதேதான்.

நடு ஐந்து எண்கள் சேர்ந்து 94 சதவீத எடையைச் சுமக்கின்றன. அதாவது நம் திட்டப்பிழை ஒன்பது வயலின் கதையல்ல. நடுவில் நிற்கும் ஐந்து வயலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதன் கதை. அடுத்த அறிகுறி இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஒரே ஒரு எண் மாறியதற்கு பிழை துள்ளுகிறது. பெரிய எண் மாறினால் அசையவே இல்லை

மாணவிக்கு தண்ணீரில் கிடந்த வயல்மேல்தான் கண். "அந்த 4.1-ஐ எடுத்துட்டா பிழை குறையும்ல சார்?" எடுக்க வேண்டாம், மாற்றிப் பார்ப்போம் என்றேன். அந்த வயல் மூழ்காமல் 8.0 கிலோ கொடுத்திருந்தால் என்ன ஆகும்? ஏறக்குறைய நான்கு கிலோ வித்தியாசம். இடைநிலையின் பிழை 1.09-லிருந்து 1.07 ஆகிறது, அவ்வளவுதான். சராசரியின் திட்டப்பிழையோ 0.95-லிருந்து 0.66-க்கு விழுகிறது. மூழ்கிய வயல் உலுக்குவது சராசரியை. இடைநிலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவளே இன்னொரு எண்ணோடு வந்தாள். இந்த முறை பிழை 1.24. நிரல் அதே, இடைநிலை அதே 10.4. களக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். வரப்பில் உட்கார்ந்து எழுதிய 10.9-ல் பூஜ்யம் நசுங்கி ஒன்று மாதிரி இருந்தது. புதிதாகத் தட்டச்சு செய்தபோது 11.9 ஆகிவிட்டது. ஒரே ஒரு கிலோ. ஆனால் அது ஆறாவது எண், நடுவுக்குப் பக்கத்து வீடு, 22 சதவீத எடை. 10.4-க்கும் அதற்கும் இடையே இருந்த அரைக் கிலோ இடைவெளி ஒன்றரைக் கிலோ ஆனதும் பிழை ஏழில் ஒரு பங்கு ஏறிவிட்டது.

ஆகவே பிழை திடீரென்று மாறினால் ஓரத்து எண்களைச் சந்தேகப்படாதீர்கள். வரிசைப்படுத்தி நடு ஐந்தை மட்டும் குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

தட்டச்சுப் பிழையே இல்லாவிட்டாலும் இந்தத் துள்ளல் முழுக்கப் போய்விடாது. அடுத்த வரப்பில் கயிறு கட்டியிருந்தால் ஆறாவது எண் நிஜமாகவே 11.9 ஆக இருந்திருக்கலாம். அதாவது 1.09 என்பதற்கே ஒரு நிச்சயமின்மை உண்டு. இடைநிலையின் பூட்ஸ்ட்ராப் பிழை, மாதிரி பெரிதாகப் பெரிதாகத் திருந்தும். ஆனால் நத்தை வேகத்தில். அதன் சார்புப் பிழை n-இன் நான்காம் மூலத்தின் விகிதத்தில்தான் குறைகிறது. துல்லியத்தை இருமடங்காக்க வேண்டுமானால் பதினாறு மடங்கு வயல் வேண்டும், ஒன்பதுக்கு 144. ஆகவே அறிக்கையில் 1.0898 என்று எழுதுவது வீம்பு. "சுமார் 1.1" போதும்.

குச்சிகளை மழுப்ப ஒரு வழி இருக்கிறது: ஒவ்வொரு எடுப்பிலும் சிறு தற்செயல் எண்ணைக் கூட்டி, சீப்பை மலைபோல ஆக்கலாம். கோட்பாட்டில் அது நல்ல மருந்துதான். ஆனால் எவ்வளவு கூட்டுவது என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்பது எண்ணை வைத்துக்கொண்டு அதைத் தேர்ந்தெடுத்தால் விடையில் பாதி நம் தேர்வாகிவிடுகிறது. நான் செய்வதில்லை.

நண்பர் ஜாக்நைஃப் போட்டார், 0.73 வந்தது

ஒவ்வொரு வயலாக விட்டுவிட்டு மீதி எட்டின் இடைநிலையைப் பார்ப்பது ஜாக்நைஃப். செய்து பார்த்தால், முதல் நான்கில் எதை விட்டாலும் 10.65, ஐந்தாவதை விட்டால் 10.35, கடைசி நான்கில் எதை விட்டாலும் 10.1. ஒன்பது தடவை செய்தும் மூன்றே விடை. 9.8, 10.4, 10.9 மூன்றைத் தவிர வேறெதையும் அது பார்க்கவே இல்லை. மாதிரியை எவ்வளவு பெரிதாக்கினாலும் இடைநிலைக்கு ஜாக்நைஃப் பிழை சரியான விடையை நோக்கிப் போகாது என்பது பழைய சங்கதி. 0.73 சின்னதாக இருப்பதால் அதை எடுத்துக்கொள்ள ஆசை வரும். எடுக்காதீர்கள்.

பெரும்பாலான மறுமாதிரிகளில் ஒரே இடைநிலை

இது எடை போடாமல் வாயால் கேட்டு எழுதும் தரவின் வியாதி. பக்கத்து ஊரில் சதுரம் கட்ட நேரமில்லாமல், "ஏக்கருக்கு எத்தனை மூட்டைங்க?" என்று ஒன்பது பேரிடம் கேட்டிருந்தார்கள். 60 கிலோ மூட்டைக் கணக்கில் பதில்: 18, 25, 30, 30, 30, 30, 30, 32, 35. யாரும் பொய் சொல்லவில்லை. "முப்பது கண்டுச்சு தம்பி" என்றால் இருபத்தெட்டரையும் இருக்கும், முப்பத்தொன்றும் இருக்கும். நடு ஐந்தும் 30 ஆகிவிட்டதால் மறுமாதிரிகளில் 94 சதவீதம் 30-ஐயே தரும். திட்டப்பிழை ஒரு மூட்டையைச் சற்றே தாண்டி 1.04-ல் நிற்கும். அந்த ஒரு மூட்டையும் 18, 25, 32, 35 ஆகிய நான்கு ஓரத்து எண்களிலிருந்து மட்டுமே வருகிறது; நடுவில் உண்மையில் எவ்வளவு சிதறல் என்பது தரவிலேயே இல்லை.

இதற்கு நிரலில் வைத்தியம் கிடையாது. கொள்முதல் நிலையத்துச் சீட்டில் உள்ள கிலோ கணக்கைக் கேட்டு வாங்கலாம். வீட்டுக்கென்று நிறுத்திவைத்த நெல்லையும் அதோடு கூட்ட மறக்கக்கூடாது. அது முடியாதென்றால் இடைநிலை 30 என்று மட்டும் எழுதிவிட்டு, பிழைக் கட்டத்தில் "பதில்கள் ஐந்தின் மடங்காகக் குவிந்துள்ளன" என்று குறிப்பிடுவது நேர்மை.

எல்லாம் சரி, ஆனால் மறுபடி அளந்தால் ஒத்துவரவில்லை

மாணவியிடம் கடைசியாக நான் கேட்டது: "இந்த ஒன்பது வயலுக்கும் தண்ணி எங்கேருந்து வருதும்மா?" மூன்று கிளை வாய்க்கால், ஒவ்வொன்றிலும் மூன்று வயல். அதுவரை அவள் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பூட்ஸ்ட்ராப் ஒன்பதையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாக எடுத்துக்கொள்கிறது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பத்து நாள் தாமதமாக வந்தால் அந்த மூன்று வயலும் சேர்ந்தே வாடும். வடிகால் அடைத்தால் சேர்ந்தே மூழ்கும். அப்போது நம்மிடம் இருப்பது உண்மையில் ஒன்பது தகவல் அல்ல, மூன்றுக்குச் சற்று மேலே. பிழை 1.1 என்பது குறைத்துச் சொன்ன கணக்காகிவிடும். முறைப்படி செய்தால் வயலுக்குப் பதில் வாய்க்காலைத்தான் மறுமாதிரி எடுக்க வேண்டும். ஆனால் மூன்று வாய்க்காலிலிருந்து திரும்பப் போட்டு மூன்று எடுத்தால் பத்தே பத்து வெவ்வேறு சேர்க்கைதான் கிடைக்கும். அதில் கணிக்கும் பிழையை நம்பி எதுவும் சொல்ல முடியாது.

வாய்க்கால் வாரியாக எண்களைப் பிரித்து எழுதச் சொன்னேன். முதல் வாய்க்காலில் 4.1, 9.8, 12.9, இரண்டாவதில் 8.6, 10.9, 12.6, மூன்றாவதில் 9.2, 10.4, 13.5. மூன்றிலும் சின்னதும் பெரியதும் கலந்தே கிடந்தன. கொத்துக் கொத்தாகப் பிரியவில்லை. மூன்று மூன்று எண்ணை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் 1.1-ஐக் கைவிட இதுவரை காரணமில்லை.

அவள் அறிக்கையில் கடைசியில் எழுதியது: இடைநிலை 10.4 கிலோ, எக்டேருக்கு 4160 கிலோ. பூட்ஸ்ட்ராப் திட்டப்பிழை சுமார் 1.1 கிலோ, எக்டேருக்கு ஏறக்குறைய 440 கிலோ. வயல்கள் ஒன்பது, வாய்க்கால் மூன்று. கீழே ஒன்பது எண்களும் வாய்க்கால் பெயரோடு. நசுங்கிய அந்தப் பூஜ்யத்தை மட்டும் திருத்தி வட்டமாக எழுதியிருந்தாள்.